அழகர்பாண்டியை அரபியில் எழுதுவது எப்படி? பாஸ்போர்ட்டோடு வேலை ஒப்பந்தம் ஒத்துப்போக ஒரு வழிகாட்டி

"அண்ணே, இதுல எம்பேரு எங்கண்ணே இருக்கு?"

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வெல்டர் தம்பி செல்போனை நீட்டினார். துபாய் கம்பெனி அனுப்பிய ஆஃபர் லெட்டர். ஒரு பாதி ஆங்கிலம், மறு பாதி அரபி. ஆங்கிலத்தில் பெயர் சரியாக இருந்தது. அரபிப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். "இது எம்பேருதான்னு எப்படிண்ணே நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. கையெழுத்துப் போடப்போவது அவர். ஏதாவது தகராறு என்று அங்கே போய் நின்றால், ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் வேறுபாடு வரும் இடத்தில் அரபிப் பகுதிதான் செல்லும்.

நான் ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவன். இப்போது மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் கடை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அரபியே தெரியாத ஒருவர் தன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அமீரகத்து வேலையை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அது. எடுத்துக்காட்டுக்கு மு. அழகர்பாண்டி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் AZHAGAR PANDI, சர்நேம் MUTHIAH. வேண்டுமென்றேதான் இந்தப் பெயரைப் பிடித்தேன். நம் பெயர்களில் அரபி எழுத்து தடுக்கி விழும் இடம் அத்தனையும் இதில் இருக்கிறது.

முதலில் தமிழை மறந்துவிடுங்கள்

சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒப்பந்தத்தில் வரும் அரபிப் பெயர் உங்கள் தமிழ்ப் பெயரிலிருந்து பிறப்பதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளிலிருந்து பிறக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் எகிப்துக்காரராகவோ மலையாளியாகவோ இருப்பார். அவர் கையில் இருப்பது பாஸ்போர்ட்டின் ஸ்கேன் மட்டும்தான். 'ழ' என்று ஒரு எழுத்து உண்டு என்பதோ, அழகர் என்பது நம் ஊரில் சித்திரை மாதம் ஆற்றில் இறங்கும் சாமியின் பெயர் என்பதோ அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது Z, H.

கடை போட்ட புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒருவருக்கு அரபியில் பெயர் எழுதித் தரும்போது, காதுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று தமிழ் ஒலிப்படி எழுதிக் கொடுத்தேன். ழ-வுக்கு ல், த-வுக்கு ت. பெருமையாகக்கூட இருந்தது. ஆஃபர் லெட்டரில் அதையே அடித்தார்கள். ஆனால் என்ட்ரி பெர்மிட்டை அடித்தவர் வேறு ஆள். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தார். இரண்டு காகிதத்திலும் ஆங்கிலம் ஒன்று, அரபி வேறு. கம்பெனிக்காக அரசு அலுவலகக் காகித வேலைகளைப் பார்க்கும் ஆளை அங்கே மந்தூப் என்பார்கள், அவர் இரண்டையும் திருப்பி அனுப்பினார். ஆஃபர் லெட்டரை மறுபடி அடித்து, மறுபடி கையெழுத்து வாங்கி முடிக்க 11 நாள் ஆனது. அந்த நாட்களில் அந்தப் பிள்ளை தினமும் கடைக்கு வந்து ஒன்றும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். அது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆக, பாஸ்போர்ட்டைத் திறங்கள். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி, அம்புக்குறி மாதிரி அடைப்புகளோடு இருக்கும். மெஷின் படிக்கும் வரி. நம் எடுத்துக்காட்டில் மேல் வரி இப்படி இருக்கும்:

```
P<INDMUTHIAH<<AZHAGAR<PANDI<<<<<<<<<<<<<<<<<
```

IND முடிந்ததும் சர்நேம். அடுத்து இரண்டு அம்புக்குறி. அதற்கு அப்பால் கிவன் நேம். கிவன் நேமுக்குள் ஒற்றை அம்புக்குறி வந்தால் அங்கே இடைவெளி என்று பொருள். AZHAGAR, PANDI இரண்டும் தனித்தனிச் சொல். இதை ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஆதாரில் AZHAGARPANDI என்று சேர்ந்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் M. ALAGARPANDI என்றும் இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்த்துப் பெயரைச் சொல்வார்கள் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்துக்கு இந்த ஒரு வரிதான் கணக்கு. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிவன் நேம் முன்னால், சர்நேம் பின்னால்: AZHAGAR PANDI MUTHIAH.

சர்நேம் இடம் காலியாக, ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ள பாஸ்போர்ட் நம் பக்கம் நிறைய. இனிஷியலைச் சேர்க்காமல் விட்டதால் வந்த வினை. 2022 நவம்பர் 21 முதல் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் விசிட் விசா, டூரிஸ்ட் விசா தருவதை நிறுத்தியது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் அதைச் சேர்த்துக்கொண்டு ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. வேலை விசாவுக்கு அந்த அறிவிப்பு இல்லை என்றாலும், உங்கள் பெயர் ஒரே சொல் என்றால் அரபி எழுத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஏஜெண்டிடம் அதைப் பேசிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்ப்பது என்றால் ரீ-இஷ்யூ போட வேண்டும். பாரதி உலா ரோட்டில் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்து வேலை அது. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபிறகு அதில் இறங்கினால் பாஸ்போர்ட் எண்ணே மாறிவிடும், எல்லாம் முதலிலிருந்து.

பழைய விசா இருந்தால் அதுவே முடிவு

ஏற்கெனவே அமீரகம் போய் வந்தவரா? அப்படியானால் உங்களுக்கு அரபியில் ஒரு பெயர் அங்கே பதிவாகியிருக்கிறது. பழைய எமிரேட்ஸ் ஐடி, பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, என்ட்ரி பெர்மிட் பி.டி.எஃப், ஏதாவது ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் உள்ள அரபிப் பெயர் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், உங்கள் பெயர் மாதிரியே ஒலிக்காமலும் இருக்கலாம். பரவாயில்லை. புது ஒப்பந்தத்துக்கும் அதையே கொடுங்கள். உங்கள் பழைய கோப்பு ஒரு ஒருங்கிணைந்த எண்ணின் கீழ் கிடக்கிறது. புதுப் பெயரோடு போனால் இவர் அவர்தானா என்று யாராவது ஒருவர் நின்று யோசிக்க வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தே இடையில் மாறியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை மறைக்காமல் பழைய பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

முதல்முறை போகிறவர்கள் அடுத்ததைப் படியுங்கள்.

எழுத்து எழுத்தாக

அரபியில் 28 எழுத்து. வலமிருந்து இடமாக ஓடும். அதில் ப இல்லை, ச-வின் வல்லொலி இல்லை, க-வின் மெல்லொலி இல்லை, ழ, ள, ண எதுவும் இல்லை. உயிரில் எ, ஒ இரண்டுக்கும் தனி எழுத்து கிடையாது. எ வந்தால் இ-க்குரிய ي எழுத்தையும், ஒ வந்தால் உ-வுக்குரிய و எழுத்தையும் கடன் வாங்குவார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இதே ஓட்டையை நம் ஊர் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். அரபுத்தமிழ் என்று சொல்வார்களே, தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை, அதில் இல்லாத ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளில் கூடுதல் புள்ளி வைத்துப் புது எழுத்தே செய்துகொண்டார்கள். காஜிமார் தெருப் பக்கம் ஒரு வயதான ஆலிமிடம் ஒருமுறை என் சந்தேகத்தைக் கொண்டுபோனேன். அழகர் என்பதை ழ மாறாமல் அழகாக எழுதிக் காட்டினார். பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் அந்த எழுத்து அமீரகத்து அலுவலக விசைப்பலகையில் இல்லை. ஒப்பந்தத்துக்கு உதவாது.

சரி, நம் பெயருக்கு வருவோம். AZHAGAR.

A-வுக்கு ا. அடுத்து ZH. இதற்கு மூன்று வழி உண்டு. Z-யையும் H-யையும் தனித்தனியாக زه என்று எழுதுவது, H-ஐ விட்டு ز மட்டும் போடுவது, ஒலிப்படி ல் என்று ل போடுவது. என் தீர்ப்பு زه. காதுக்குக் கேவலமாகத்தான் இருக்கும், 'அஸ்ஹாகார்' மாதிரி ஒலிக்கும். ஆனால் பாஸ்போர்ட்டை வைத்துப் பார்க்கிற எவரும் இதைத் திருத்த நினைக்கமாட்டார். திருத்தத் தூண்டாத எழுத்துதான் நல்ல எழுத்து.

அப்படியானால் முதலிலேயே பாஸ்போர்ட்டில் ALAGAR என்று வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அரபியில் ال என்பது ஆங்கிலத்து 'தி' போல ஒரு சொல்லின் முன்னால் ஒட்டும் முன்னொட்டு. ALAGAR-ஐ الاجار என்று எழுதினால் முதல் இரண்டு எழுத்தும் அதே ال. படிக்கிறவர் கண் அதைப் பிரித்துவிடும். போதாக்குறைக்கு வாடகை என்பதற்கான சொல் الايجار. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அழகு, அலமேலு, அல்லி என்று 'AL' எழுத்தில் பெயர் தொடங்குகிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. முதல் எழுத்தின் தலையில் ஹம்ஸா என்ற சின்னக் கொக்கியைப் போட்டு ألا என்று எழுதினால் கொஞ்சம் தெளிவு. டைப் செய்கிறவர்கள் அந்தக் கொக்கியை அடிக்கடி விட்டுவிடுவார்கள் என்பது தனி.

G-க்கு ج, غ, ق மூன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எகிப்துக்காரர் ج-ஐக் 'க' என்று படிப்பார், வளைகுடாக்காரர் ق-ஐ அப்படிப் படிப்பார், லெபனான் பக்கத்து ஆட்கள் غ போடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ج தான் அதிகம் ஓடியது. அதையே எடுத்துக்கொள்கிறேன். எதை எடுக்கிறீர்கள் என்பதைவிட எடுத்ததை மாற்றாமல் இருப்பதுதான் இங்கே விஷயம். மீதி எழுத்துகளில் சிக்கல் இல்லை. ا ز ه ا ج ا ر, சேர்த்தால் ازهاجار.

PANDI சுலபம். P-க்கு ب. பாண்டி என்பது 'பாந்தி' மாதிரி படிக்கப்படும், அவ்வளவுதான்: باندي. பாரசீகத்திலும் உருதுவிலும் ப-வுக்கு மூன்று புள்ளி வைத்த پ உண்டு. சிலர் அதைப் போட்டால் இன்னும் சரியாக இருக்குமே என்று போடுவார்கள். போடாதீர்கள். அது அரபியின் 28-இல் சேராது.

MUTHIAH-இல் இரண்டு இடம். TH-ஐப் பார்த்ததும் அரபி தெரிந்தவர் கை தானாக ث போடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' சொல்லும்போது வரும் ஒலி அது. நம் த-வுக்குப் பொருந்துவது ت. முத்து, தங்கம், கார்த்திக், செந்தில், எந்தப் பெயரை எடுத்தாலும் இந்த ஓர் எழுத்தில்தான் இரண்டு காகிதம் முரண்டு பிடிக்கும். இதிலும் நான் பாஸ்போர்ட் பக்கம்தான் நிற்கிறேன்: ث. கிளினிக்கில் கூப்பிடும்போது 'மூஸியா' என்று கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடுங்கள். கடைசி H ஒலிக்காத எழுத்து, ஆனாலும் பாஸ்போர்ட்டில் இருப்பதால் ه போட்டுவிடலாம். ஆக م و ث ي ا ه, சேர்த்தால் موثياه.

ZH-க்கு மூன்று வழி, G-க்கு மூன்று, TH-க்கு இரண்டு, கடைசி H-க்கு இரண்டு. பெருக்கிப் பாருங்கள், ஒரே அழகர்பாண்டி முத்தையாவுக்கு 36 வடிவம் வருகிறது. உயிரெழுத்துகளை நீட்டுவது குறைப்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த நீட்டல் குறைத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. அரபியில் குறில் எழுத்தில் ஏறாது, நெடில்தான் ஏறும். அதனால் ஆங்கிலத்தில் A, I, U வரும் இடமெல்லாம் நெடில் எழுத்துப் போடுவதே நம் பெயர்களுக்குப் பாதுகாப்பு. மணி என்ற பெயரை ماني என்று எழுத வேண்டும். நடுவில் உள்ள ا எழுத்தை, அதாவது அலிஃபை, விட்டுவிட்டு مني என்று எழுதினால் அது பொதுவில் சொல்லக் கூசும் ஒரு சொல்லாகப் படிக்கப்படலாம். சுப்பிரமணி, வேலுமணி என்று பெயர் உள்ளவர்கள் கடைசித் துண்டில் அந்த அலிஃப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறாக, சாமி என்று முடிகிறவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். سامي அசல் அரபிப் பெயர், உயர்ந்தவன் என்று பொருள். கருப்பசாமி, சின்னச்சாமியையெல்லாம் அங்கே 'சாமி, சாமி' என்று உரிமையோடு கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் நடுவில் 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் بن என்பதைச் சேர்த்துவிடுவார்கள். அரபுப் பெயர்களில் அது இயல்பு. பாஸ்போர்ட்டில் இல்லாததால் உங்கள் பெயரில் அதற்கு இடமில்லை, எடுக்கச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே ஒரு சீட்டு

ஆஃபர் லெட்டர் அடிப்பதற்கு முன்னால் இந்தப் பெயர் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏஜெண்ட் வழியாகவோ நேரடியாகவோ, பாஸ்போர்ட் ஸ்கேனோடு சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கிலத்தையும் அரபியையும் ஒரே வரியில் போடக் கூடாது. இரண்டு திசையில் ஓடும் எழுத்துகள் ஒரு வரியில் சேர்ந்தால் சொற்கள் முன்பின்னாகத் தெரியும். இரண்டு வரியாகப் போடுங்கள்:

```
AZHAGAR PANDI MUTHIAH
ازهاجار باندي موثياه
```

எழுத்தாகவும் அனுப்புங்கள், படமாகவும் அனுப்புங்கள். எழுத்து அவர்கள் காப்பி செய்துகொள்ள, படம் போன் மாறும்போது ஏதாவது குலைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க.

அரபியை எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள் என்பதும் முக்கியம். போனில் உருது அல்லது பாரசீக விசைப்பலகையை வைத்துக்கொண்டு அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு எழுத்து ஏறியிருக்கும். அரபி ي வேறு, பாரசீக ی வேறு. அதேபோல ك வேறு, ک வேறு. கம்ப்யூட்டரில் தேடினால் ஒன்றுக்கு மற்றது அகப்படாது. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ பைத்தான் தெரிந்திருந்தால் ஒரு வரியில் பார்த்துவிடலாம்:

```python
for c in "باندي": print(hex(ord(c)))
```

கடைசியில் 0x64a வந்தால் அரபி ي. 0x6cc வந்தால் பாரசீகம். 0x649 வந்தால் அது புள்ளியில்லாத ى, எகிப்துக்காரர்கள் சொல்லின் கடைசியில் பழக்கதோஷத்தில் போடுவது. பைத்தான் எல்லாம் தெரியாது என்றால் கவலை வேண்டாம். போன் செட்டிங்கில் விசைப்பலகை மொழி 'العربية' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடித்தால் போதும்.

லெட்டர் வந்ததும் புள்ளியை எண்ணுங்கள்

அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில்தான் உங்கள் அரபிப் பெயரை முதன்முதலில் பார்ப்பீர்கள். இதன்படிதான் பிறகு ஒப்பந்தம் வரும், நடுவில் ஷரத்தை உங்களுக்குக் குறைவாக மாற்ற முடியாது. ஆகவே இதில் ஏறிய பெயர் தொடர்ந்து வரும். ஷரத்துகளைத் தமிழிலும் கேட்டு வாங்கிப் படிக்க அமைச்சகம் இடம் கொடுத்திருக்கிறது. பெயரை மட்டும் அரபியில்தான் சரிபார்க்க வேண்டும்.

அரபி தெரியாதவர் இதை எப்படிச் செய்வது? மேலூர்த் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்தது புள்ளிக் கணக்கு. அரபியில் பல எழுத்துக்கு உடம்பு ஒன்றுதான், புள்ளிதான் ஆளைக் காட்டும். கீழே ஒரு புள்ளி என்றால் ب. மேலே இரண்டு என்றால் ت, மூன்று என்றால் ث, ஒன்று என்றால் ن. கீழே இரண்டு என்றால் ي. தலையில் ஒரு புள்ளி இருந்தால் ز, இல்லாவிட்டால் ر.

நம் சீட்டில் உள்ள பெயரை வலமிருந்து பாருங்கள். முதல் சொல் ازهاجار, ز-வில் ஒன்று, ج-வில் ஒன்று, ஆக 2 புள்ளி. இரண்டாவது باندي, ب-வில் ஒன்று, ن-இல் ஒன்று, ي-இல் இரண்டு, ஆக 4. மூன்றாவது موثياه, ث-வில் மூன்று, ي-இல் இரண்டு, ஆக 5. இரண்டு, நாலு, ஐந்து. லெட்டரிலும் இரண்டு, நாலு, ஐந்து வர வேண்டும். மூன்றாவது சொல்லில் நாலுதான் இருக்கிறது என்றால் ث போய் ت வந்திருக்கிறது என்று அரபி தெரியாமலே சொல்லிவிடலாம். முதல் சொல்லில் மூன்று இருந்தால் G-க்கு ق போட்டிருக்கிறார்கள்.

புள்ளிக் கணக்கு எல்லாவற்றையும் பிடிக்காது. غ-வுக்கும் ஒரு புள்ளி, ج-வுக்கும் ஒரு புள்ளி. ஆகவே எண்ணிக்கை சரியாக வந்தபிறகு உருவத்தையும் சீட்டோடு வைத்து ஒப்பிட வேண்டும். அப்போது ஒரு குழப்பம் வரும். ا, د, ر, ز, و ஐந்தும் தனக்கு இடப்பக்கத்து எழுத்தோடு கை கோக்காது. அதனால் ஒரே சொல்லுக்குள்ளேயே வெட்டு விழுந்த மாதிரி தெரியும். ازهاجار ஒரு சொல்தான், ஆனால் கண்ணுக்கு ஐந்து துண்டு. அதைப் பார்த்து 'என் பெயரை உடைத்துவிட்டார்கள்' என்று பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. சொல்லுக்கு நடுவே உள்ள வெட்டு சிறியது, இரண்டு சொல்லுக்கு இடையே உள்ள இடைவெளி பெரியது. சீட்டில் எத்தனை சொல்லோ லெட்டரிலும் அத்தனை.

ஜெராக்ஸில் பார்க்காதீர்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் மூன்று புள்ளி ஒரு கட்டியாகிவிடும், ஒற்றைப் புள்ளி மறைந்தே போகும். பி.டி.எஃப் கோப்பையே வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைக்கு அந்தத் தம்பி போனில் விரலால் விரித்து விரித்து, "அண்ணே, கடைசிச் சொல்லுல நாலுதாண்ணே வருது" என்றார். எட்டிப் பார்த்தேன். நாலுதான். அவர் பெயரிலும் ஒரு முத்து இருந்தது.

பெயரோடு பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெயரில் எழுத்து மாறினால் விளக்கம் சொல்லித் தப்பலாம். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்தக் காகிதம் உங்களுடையதே இல்லை.

தப்பு இருந்தால்

கையெழுத்துப் போடும் முன் என்றால் ஏஜெண்டிடம் சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அடித்தவர் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 'அரபியில ஒரு எழுத்துத்தானே, அங்க போய்ப் பாத்துக்கலாம்' என்பார்கள். அங்கே போனபிறகு உங்கள் கையால் எதையும் திருத்த முடியாது. விண்ணப்பம் போட வேண்டியது கம்பெனி மந்தூப். அவருக்கு அதுதான் தலைபோகிற வேலையா என்ன?

என்ட்ரி பெர்மிட் வந்தபிறகு வித்தியாசம் தெரிந்தால் முதலில் எது எதோடு முரண்படுகிறது என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலப் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போய், அரபி மட்டும் ஆஃபர் லெட்டருக்கு மாறாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு அது தடையாக நிற்பதில்லை. விமான நிறுவனமும் நம் ஊர் குடியேற்ற அதிகாரியும் பார்ப்பது ஆங்கிலப் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும்தான். ஆங்கிலப் பெயரே பாஸ்போர்ட்டுக்கு மாறாக இருந்தால் டிக்கெட் போடாதீர்கள், திருத்திய பெர்மிட் வரட்டும். ஈ.சி.ஆர் பாஸ்போர்ட் உள்ளவர்கள், அதாவது பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள், இந்திய அரசின் இமைகிரேட் தளம் வழியாக அனுமதி வாங்கும்போதும் ஒப்பந்தத்துப் பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லா வித்தியாசமும் தப்பு இல்லை. முதல் எழுத்தில் ஹம்ஸா இருக்கிறது, இல்லை என்பதற்காக நான் யாரையும் அலைய விடுவதில்லை. أ, ا இரண்டையும் அங்கே உள்ளவர்களே கலந்துதான் எழுதுகிறார்கள். மெய்யெழுத்து மாறியிருந்தால், சொல் எண்ணிக்கை மாறியிருந்தால், முன்பின் ஆகியிருந்தால் மட்டும் திருத்தக் கேளுங்கள். அழகர் பாண்டியில் பாண்டி விட்டுப்போய் அழகர் முத்தையா என்று மட்டும் வந்திருந்தால், ஆங்கிலம் முழுதாக இருந்தாலும் விடக் கூடாது. அரபியில் மட்டும் படிக்கிறவருக்கு அது வேறு ஆள்.

அங்கே போய் இறங்கி எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்ததும் அதில் உள்ள அரபிப் பெயரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இனிமேல் எதற்கும் பயனில்லை. குடும்பத்தைக் கூப்பிடத் திருமணச் சான்றிதழை அரபிக்கு மாற்றும்போதும், டிப்ளமோவை மாற்றும்போதும், அங்கே உள்ள உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் உங்கள் பெயரைத் தன் இஷ்டத்துக்கு எழுதத் தொடங்குவார். அவர் கீபோர்டில் கை வைக்கும் முன் ஐடியை மேஜையில் வையுங்கள். சவூதி போகிறவர்களுக்கு ஐடியின் இடத்தில் இகாமா. அதிலும் அரபிப் பெயர் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். ஒப்பந்தம் சவூதி அரசின் கிவா தளத்தில் வரும்போது இகாமாவில் உள்ள பெயரோடு புள்ளியை எண்ணிப் பாருங்கள்.

மேலூர்த் தம்பியின் லெட்டர் மூன்றாம் நாள் திருத்தி வந்தது. கடைக்கு வரவில்லை, ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினார். கடைசிச் சொல்லைச் சிவப்பு வட்டம் போட்டு, அடியில் ஒரு வரி: "அஞ்சு இருக்குண்ணே."